ரவுட்டர் ஆப்பில் கணக்குத் திறக்கத்தான் வேண்டுமா?

புது 4ஜி ரவுட்டர் ஒன்றின் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தாள் இருக்கும். அதில் உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் பண்ணினால் ரவுட்டர் கம்பனியின் ஆப் போனில் இறங்கும். ஆப்பைத் திறந்ததும் அது முதலில் கேட்பது உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் ஒரு புதுப் பாஸ்வேர்டையும்தான். இதைக் கொடுக்காவிட்டால் ரவுட்டர் வேலை செய்யாது என்று நினைத்துப் பலர் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் மலையகத்து வீடுகளில் அதிகம் காணும் சிம் போடும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கணக்கு கட்டாயமில்லை. சிம்மைப் போட்டு, கரண்ட் கொடுத்தால் கணக்கு இல்லாமலே அது இன்டர்நெட் தரும்.

அப்படியானால் அந்தக் கணக்கு எதற்கு? வெளியூரில் இருந்துகொண்டு உங்கள் வீட்டு ரவுட்டரைத் திறந்து பார்க்க. முக்கியமாக அந்த ஒன்றுக்குத்தான். வைஃபை பெயரை மாற்றுவது, பாஸ்வேர்டை மாற்றுவது, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது, ஒரு போனைத் தடுப்பது, ரீஸ்டார்ட் பண்ணுவது எல்லாவற்றையும் வீட்டுக்குள் இருந்தே கணக்கு இல்லாமல் செய்யலாம். ஆகவே ஆப் நல்லதா கெட்டதா என்று யோசிப்பதைவிட, எங்கள் வீட்டு ரவுட்டரைத் தூரத்திலிருந்து யாராவது கையாள வேண்டியிருக்கிறதா என்று யோசித்தால் முடிவு எடுப்பது லேசு.

ஆப் ரவுட்டரை எப்படிப் பிடிக்கிறது

ஆப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே இரண்டு வழிகள் உண்டு. உங்கள் போன் அதே ரவுட்டரின் வைஃபையில் இருந்தால், ஆப் நேரடியாக ரவுட்டரோடு பேசலாம். அந்தப் பேச்சு வீட்டுச் சுவரைத் தாண்டத் தேவையில்லை. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் இந்த வழி வேலை செய்யும். பிரவுசரில் `192.168.1.1` அல்லது `192.168.0.1` என்று அடித்தால் வருகின்ற ரவுட்டரின் சொந்தப் பக்கமும் இதே வழியில்தான் திறக்கிறது.

இரண்டாவது வழி கம்பனியின் சர்வர் ஊடாகப் போவது. இதற்கு ரவுட்டர் கரண்ட் வந்த நேரம் முதல் கம்பனியின் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். நீங்கள் கொழும்பில் இருந்து ஆப்பில் "ரீஸ்டார்ட்" என்று தட்டினால் அந்தக் கட்டளை முதலில் கம்பனியின் சர்வருக்குப் போகும். சர்வர் அதை ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு வழியாக உங்கள் வீட்டு ரவுட்டருக்குத் தள்ளிவிடும். இந்த ரவுட்டர் இன்னாருடையது என்று சர்வருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் கணக்கு. இதைக் கிளவுட் கணக்கு என்றும் சொல்வார்கள். ரவுட்டரைக் கணக்கோடு சேர்த்துக் கட்டுவதைத் திரையில் Bind என்று போட்டிருப்பார்கள், அவிழ்ப்பதை Unbind என்று.

சர்வர் இல்லாமல் நேரே வீட்டுக்குப் போக முடியாதா என்று கேட்கலாம். பைபர் இணைப்பும் வெளியில் தெரியும் முகவரியும் இருந்தால் முடியும். ஆசுஸ் ரவுட்டர்களின் ஆப் இந்த வகைதான்: கிளவுட் கணக்கு இல்லாமல், ரவுட்டருக்கு ஒரு நிலையான பெயரைக் கொடுத்து நேராக அதைத் தேடிப் போகும். ஆனால் சிம் போடும் ரவுட்டர்களுக்கு இது பெரும்பாலும் சரிவராது. மொபைல் கம்பனிகள் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்குபோட்டுக் கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டருக்குக் கிடைப்பது கம்பனியின் உள்வட்டத்தில் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. வெளியில் இருந்து வரும் கட்டளைக்கு உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்க வழியில்லை. உங்களுடையது எந்த வகை என்று பார்ப்பது சுலபம். ரவுட்டர் பக்கத்தில் இன்டர்நெட் முகவரி என்று காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்து கூகுளில் what is my ip என்று தேடிப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், அல்லது ரவுட்டர் காட்டும் முகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையான எண்ணிலோ தொடங்கினால், நேர்வழி கிடையாது. தூரத்தில் இருந்து பார்க்க வேண்டுமென்றால் கம்பனியின் சர்வர்தான் நடைமுறைக்கு ஒத்த வழி.

பொகவந்தலாவையில் ரவுட்டர், கொழும்பில் மகள்

மலையகத்தில் இந்தத் தூரக் கட்டுப்பாடு வெறும் ஆடம்பரம் இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மாவும் அப்பாவும், பள்ளிக்கூடம் போகிற தம்பியும் இருக்கிறார்கள்; மகள் கொழும்பில் வேலை செய்கிறாள். ரவுட்டர், கவரேஜ் கிடைக்கும் அந்த ஒரு ஜன்னலோரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. டேட்டாவுக்குக் காசு கட்டுவது மகள். பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்கும் பாஸ்வேர்ட் போய்விட்டது. மாத நடுவிலேயே டேட்டா முடிகிறது. இப்படியான வீட்டில் மகளின் போனில் ஆப் இருந்தால், எந்தப் போன்கள் இணைந்திருக்கின்றன என்று பார்த்து, தெரியாதவற்றைத் தடுத்து, வைஃபை பாஸ்வேர்டை மாற்றலாம். புதுப் பாஸ்வேர்டைத் தம்பிக்குப் போனில் சொன்னால் போதும். இது நிஜமான உதவி. மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வசதிக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் கணக்குத் திறக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ரவுட்டருக்கு இன்டர்நெட் இருக்கும்போது மட்டும்தான் தூர ஆப் வேலை செய்யும். மழைக்குக் கரண்ட் போனாலும், டவர் நின்றாலும், டேட்டா முடிந்தாலும், சிம் கழன்றாலும் மகளின் திரையில் வருவது ஒரே வார்த்தை: Offline. காரணம் எது என்று ஆப்பால் சொல்ல முடியாது, ஏனென்றால் சர்வருக்குத் தெரிந்ததெல்லாம் ரவுட்டரிடமிருந்து பதில் வரவில்லை என்பது மட்டும்தான். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைவிரித்துவிடும்.

அந்த நேரத்தில் உதவுவது ஒரு சாதாரண போன் அழைப்பு.

"அம்மா, ஜன்னல்கிட்ட பெட்டியில எத்தன லைட்டு எரியுது?"

"கரண்ட் லைட்டு இருக்கு. வைஃபை படம் போட்டதும் எரியுது. உருண்டையா பூமி மாதிரி இருக்குமே, அது அணஞ்சு கெடக்கு."

"பக்கத்துல கோடு கோடா இருக்குமே, சிக்னல் லைட்டு?"

"அது ரெண்டு எரியுது."

இந்த நான்கு வரியில் பாதி வேலை முடிந்துவிட்டது. கரண்ட் இருக்கிறது. சிக்னல் கோடு எரிவதால் டவரும் கிடைக்கிறது, சிம்மும் உள்ளே இருக்கிறது. இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது டேட்டா அல்லது பில். அதைப் பார்க்க ரவுட்டர் ஆப் தேவையில்லை. சிம் கம்பனியின் ஆப்பில், அதாவது MyDialog, MySLT போன்றவற்றில், மீதி டேட்டா தெரியும். அது ரவுட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொழும்பில் இருந்தே திறக்கும். சில மாடல்களில் டேட்டா முடிந்தாலும் இன்டர்நெட் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் டவரோடு உள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை. ஆகவே விளக்கு எப்படி இருந்தாலும் மீதியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரவுட்டர் தானே எண்ணிக் காட்டும் ஜிபியும் சிம் கம்பனி காட்டும் ஜிபியும் கொஞ்சம் வித்தியாசப்படலாம். காசு கழிவது கம்பனியின் கணக்குப்படிதான்.

கணக்கு திறந்தால் வெளியே போவது என்ன

இதில் பயமுறுத்தல்களும் அதிகம், அலட்சியமும் அதிகம். உள்ளதை உள்ளபடி சொன்னால் இப்படி: ரவுட்டரைக் கணக்கோடு கட்டியதும் கம்பனியின் சர்வருக்கு உங்கள் மின்னஞ்சல், ரவுட்டரின் மாடலும் சீரியல் எண்ணும், அதன் மென்பொருள் பதிப்பு, உங்கள் இணைப்பின் வெளி முகவரி ஆகியவை தெரியும். ஆப்பில் இணைந்துள்ள போன்களின் பட்டியலை நீங்கள் தூரத்தில் இருந்து பார்க்க முடிகிறது என்றால், அந்தப் பட்டியல் சர்வர் ஊடாகத்தான் உங்களுக்கு வருகிறது. அதில் ஒவ்வொரு போனின் பெயரும், எப்போது இணைந்தது எப்போது விலகியது என்பதும் இருக்கலாம்.

பெயரும் நேரமும்தானே என்று தோன்றலாம். கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பலரின் போன் தன் சொந்தக்காரரின் பெயரையே வைஃபைக்குச் சொல்கிறது. அப்பாவின் போன் காலை ஏழு மணிக்கு விலகி மாலை ஐந்துக்கு வருகிறது, தம்பியின் போன் ஒன்றரைக்கு வருகிறது, ஞாயிற்றுக்கிழமை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வீட்டில் ஒரு போனும் இல்லை. வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்ற முழு ஒழுங்கும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கம்பனிக்காரர் உட்கார்ந்து இதைப் படிப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் பாஸ்வேர்ட் கிடைத்தவர் எவரும் படிக்கலாம்.

நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது வேறு கதை. வங்கிப் பக்கத்தில் அடித்த எண்ணோ, வாட்ஸ்அப்பில் எழுதிய செய்தியோ ரவுட்டருக்கே தெரியாது. அவை பூட்டப்பட்ட நிலையில் கடந்துபோகின்றன. எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்ற பெயர் மட்டும் சாதாரணமாக ரவுட்டருக்குத் தெரியும். "பிள்ளைகள் பாதுகாப்பு", "வைரஸ் தடுப்பு" போன்ற வசதிகளை ஆப்பில் போட்டால் அந்தப் பெயர்களைச் சரிபார்க்கும் வேலை வெளியே போகலாம், சில வேளைகளில் வேறொரு கம்பனிக்கும் போகலாம். ஆசுஸ் தன் பாதுகாப்பு வசதிக்கு ட்ரென்ட் மைக்ரோ என்ற நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்துகிறது. அதைப் போடும்போது தனியாக ஓர் ஒப்பந்தத்தை ஏற்கச் சொல்லும். அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு Agree தட்டாதீர்கள். அது ரவுட்டர் ஓடுவதற்கு வேண்டியதல்ல.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: வைஃபை ஆப் ஏன் இருப்பிட அனுமதி கேட்கிறது? ஆண்ட்ராய்டில் ஓர் ஆப் சுற்றியுள்ள வைஃபை பெயர்களையோ, ஐபோனில் இணைந்துள்ள வைஃபையின் பெயரையோ படிக்க வேண்டுமென்றால் பொதுவாக இருப்பிட அனுமதி வேண்டும் என்பது இயங்குதளத்தின் விதி, ஏனென்றால் வைஃபை பெயர்களை வைத்தே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கணிக்கலாம். ஆகவே கேட்பதற்கு நியாயமான காரணம் உண்டு. "பயன்படுத்தும்போது மட்டும்" என்பதைத் தெரிவு செய்து கொடுங்கள். ரவுட்டரைச் செட் பண்ணி முடிந்த பிறகு போனின் செட்டிங்ஸில் போய் அதையும் எடுத்துவிடலாம். ஆப் திரும்பக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். தொடர்புப் பட்டியலையோ போட்டோக்களையோ கேட்டால் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

2020இல் நடந்தது

கிளவுட் கணக்கின் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை ஒரு பதிவான சம்பவம் தெளிவாகக் காட்டுகிறது. 2020 மார்ச்சில், உலகமே கொரோனாச் செய்திக்குத் தவித்துக்கொண்டிருந்தபோது, பல வீடுகளில் லிங்சிஸ் ரவுட்டர் வழியாக இன்டர்நெட் பார்த்தவர்களுக்குத் திடீரென்று உலக சுகாதார அமைப்பின் பெயரில் ஒரு பக்கம் வந்தது. கொரோனா பற்றிய தகவல் தரும் ஆப் என்று ஒன்றைத் தரவிறக்கச் சொன்னது. அது கணினியில் உள்ள பாஸ்வேர்டுகளைத் திருடும் மென்பொருள். பிட்டிஃபென்டர் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைக் கண்டறிந்து வெளியிட்டது.

கள்ளர்கள் ரவுட்டரை உடைக்கவில்லை. வேறு தளங்களில் இருந்து முன்பே கசிந்திருந்த மின்னஞ்சல், பாஸ்வேர்ட் பட்டியல்களை எடுத்து, ஒவ்வொன்றாக லிங்சிஸ் கிளவுட் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தவர்களின் கணக்கு திறந்துகொண்டது. உள்ளே போனதும் அவர்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம்: டிஎன்எஸ் என்ற இடத்தில் இருந்த எண்ணை மாற்றியது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சேவை. அந்த இடத்தில் கள்ளரின் சேவை இருந்தால், சரியான பெயரை அடித்தாலும் அவர் காட்டும் பக்கத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். வீட்டில் உள்ள எல்லாப் போனும் கணினியும் ஒரே நேரத்தில் இதில் மாட்டும், ஏனென்றால் எல்லாம் ரவுட்டரிடம்தான் கேட்கின்றன. ஏப்ரல் தொடக்கத்தில் லிங்சிஸ் எல்லாக் கிளவுட் கணக்குகளையும் பூட்டி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகே உள்ளே விட்டது.

இதே மாதிரி உங்கள் வீட்டில் நடந்தால் எப்படித் தெரியும்? ஒரே வைஃபையில் உள்ள பல போன்களில், சம்பந்தமில்லாமல் ஏதோ ஒன்றைத் தரவிறக்கச் சொல்லும் பக்கம் வரும். நன்கு தெரிந்த தளத்தில் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற எச்சரிக்கை வரும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அதே தளம் ஒழுங்காகத் திறக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து டிஎன்எஸ் இடத்தைப் பாருங்கள். இன்டர்நெட் பகுதியிலும், வீட்டுக்குள் முகவரி பங்கிடும் டிஎச்சிபி பகுதியிலும் என இரண்டு இடத்தில் அது இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும். தானாகப் பெறு என்று இருந்தால் சரி. ரவுட்டரின் சொந்த முகவரியோ, `0.0.0.0` என்றோ, நீங்களே போட்ட `8.8.8.8`, `1.1.1.1` போன்ற பேர்போன எண்ணோ இருந்தாலும் சரி. முன்பின் தெரியாத எண் இருந்தால், முதலில் மொபைல் டேட்டாவில் இருந்துகொண்டு கிளவுட் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதன் பிறகுதான் ரவுட்டரை ரீசெட் பண்ண வேண்டும். வரிசையை மாற்றி முதலில் ரீசெட் பண்ணிப் பழைய கணக்கிலேயே திரும்பக் கட்டினால் கள்ளனும் கூடவே திரும்பி வந்துவிடுவான்.

கணக்கு இல்லாமல் செட் பண்ணுவது

தூரத்தில் இருந்து பார்க்க யாரும் இல்லாத வீட்டுக்கு என் பரிந்துரை இதுதான், ஆப்பே வேண்டாம். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இருக்கும். சிம்மைப் போட்டு, கரண்ட் கொடுத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிடுங்கள். போனை அந்த வைஃபையில் இணையுங்கள். இப்போது மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள், இதை மறப்பதால்தான் பாதிப்பேருக்குப் பக்கம் திறப்பதில்லை; வைஃபையில் இன்னும் இன்டர்நெட் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடுகிறது. "இன்டர்நெட் இல்லை, இணைந்தே இருக்கவா" என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள்.

பிரவுசரின் முகவரி இடத்தில் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். முகவரி இல்லாவிட்டால் இது:

```
http://192.168.1.1
```

Not secure என்று பிரவுசர் காட்டும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியோடு பூட்டில்லாமல் பேசுவதால் வரும் அறிவிப்பு அது. உங்கள் சொந்த வைஃபையில் இருக்கும்போது தொடரலாம். முதலில் நிர்வாகப் பாஸ்வேர்டை வைக்கச் சொல்லும். இது வைஃபை பாஸ்வேர்ட் அல்ல. வைஃபை பாஸ்வேர்டை வருகிறவர்களுக்குக் கொடுப்பீர்கள், இதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் ரவுட்டரைத் திறக்கலாம். இதை ஒரு தாளில் எழுதி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கரண்ட் பில்களோடு வைத்தாலும் பரவாயில்லை. பிறகு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி, மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்து, வெளியில் இருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறக்கவிடும் Remote Management என்ற இடம் நிறுத்தி இருக்கிறதா என்று உறுதிசெய்தால் வேலை முடிந்தது.

பிரவுசர் பக்கம் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத்துச் சின்னது, ஆங்கிலமும் அதிகம். அப்படியானவர்கள் ஆப்பைப் போட்டுக்கொண்டு கணக்கை மட்டும் தவிர்க்கலாம். கணக்குத் திரையில் Skip என்றோ, ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டைக் கேட்கும் இடமோ இருந்தால் அந்த ஆப் கணக்கு இல்லாமலும் வீட்டுக்குள் வேலை செய்யும். எல்லாக் கம்பனியும் இப்படி விடுவதில்லை. டிபி-லிங்கின் டெக்கோ, அமேசானின் ஈரோ போன்ற, பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் வகைகளுக்குக் கணக்கு இல்லாமல் செட் பண்ண முடியாது. ஆகவே கணக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தவர் வாங்கும் முன்பே கடையில் இதைக் கேட்டுவிட வேண்டும், வாங்கிய பிறகு வழியில்லை.

கணக்கு வேண்டும் என்றால்

பொகவந்தலாவை மகள் போல உண்மையான தேவை இருந்தால் கணக்கைத் திறங்கள். ஆனால் கணக்கு அவளுடைய சொந்த மின்னஞ்சலில், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டோடு இருக்க வேண்டும். 2020இல் மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் இடையில் இருந்த முக்கியமான வித்தியாசம் அதுதான். இரண்டு படிச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள். அந்த மின்னஞ்சலுக்கும் போடுங்கள், ஏனென்றால் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொன்னால் கிளவுட் கணக்கின் சாவி போய் விழும் இடம் அந்த மின்னஞ்சல்தான். ஆப்பின் செட்டிங்ஸில் அனுபவத்தை மேம்படுத்தத் தரவு அனுப்புவது பற்றி ஒரு சுவிட்ச் இருந்தால் அதை நிறுத்துங்கள். ரவுட்டர் அதனால் மெதுவாகாது. தம்பிக்கும் ஆப் வேண்டுமென்றால் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், ஆப்பிலேயே இன்னொருவரைச் சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிச் சேர்த்தவரைப் பிறகு நீக்குவது ஒரு தட்டு வேலை.

எங்கள் பக்கத்தில் இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறொன்று இருக்கிறது. டவுனில் ரவுட்டரை வாங்கும்போது கடைக்காரப் பையனே செட் பண்ணிக் கொடுக்கிறான். கஸ்டமரிடம் மின்னஞ்சல் இல்லை, அல்லது பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. பின்னால் ஆள் நிற்கிறார்கள். அவன் தன் சொந்த மின்னஞ்சலிலேயே கணக்கைக் கட்டிவிடுகிறான். கெட்ட எண்ணம் எதுவும் இருக்க வேண்டியதில்லை, உதவிதான். ஆனால் அந்த நிமிடத்தில் இருந்து அந்த ரவுட்டரின் சொந்தக்காரர், சர்வரின் பார்வையில், அவன். உங்கள் வீட்டுப் போன் பட்டியல் அவன் ஆப்பில் தெரியும். வைஃபை பாஸ்வேர்டை அவன் மாற்றலாம். அவன் வேலையை விட்டுப்போனாலும் கணக்கு அவனோடுதான் போகும்.

இதைக் கண்டுபிடிக்க, வீட்டு வைஃபையில் இருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து கிளவுட் பகுதிக்குப் போங்கள். டிபி-லிங்கில் அது Advanced என்பதன் கீழ் TP-Link Cloud அல்லது TP-Link ID என்று இருக்கும். எந்த மின்னஞ்சலோடு கட்டியிருக்கிறது என்று அங்கே காட்டும். உங்களுடையது இல்லை என்றால் Unbind தட்டுங்கள், உடனே நிர்வாகப் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டே உங்களுக்குத் தெரியாவிட்டால் ரீசெட் துளையில் ஊசியை விட்டுச் சுமார் பத்து வினாடி, விளக்குகள் சிமிட்டும் வரை அழுத்திப் பிடியுங்கள், பிறகு ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டோடு முதலில் இருந்து தொடங்குங்கள். இணைப்புக்குச் சிம் கம்பனி தனி அமைப்பு ஏதாவது போட்டிருந்தால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே ரீசெட்டுக்கு முன் ஏபிஎன் என்று இருக்கும் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுங்கள், முடியாவிட்டால் சிம் கம்பனியின் உதவி எண்ணில் கேட்கலாம்.

சிம் கம்பனியே கொடுத்த ரவுட்டராக இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அவற்றைப் பல கம்பனிகள் தங்கள் பக்கத்தில் இருந்தே பார்க்கவும் புதுப்பிக்கவும் ஒரு தனி வழி வைத்திருக்கும், டிஆர்-069 என்று அதற்குப் பெயர். நீங்கள் தயாரிப்பாளரின் கிளவுட்டை அவிழ்த்தாலும் அந்த வழி அப்படியே இருக்கும். பெரும்பாலும் அதைப் பயனாளரால் நிறுத்தவும் முடியாது. கிளவுட்டை அவிழ்ப்பதால் தயாரிப்பாளரின் சர்வர் மட்டும்தான் இந்தக் கதையில் இருந்து விலகுகிறது.

ரவுட்டரை விற்கும்போதோ தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்கும்போதோ, பெட்டியை ரீசெட் பண்ணுவதற்கு முன் ஆப்பில் போய் Unbind அல்லது Remove செய்துவிடுங்கள். சில வகைகளில் பெட்டியை ரீசெட் பண்ணினாலும் சர்வரில் பழைய கட்டு அவிழாது. புதியவர் செட் பண்ணப் போனால், இது வேறொருவரின் கணக்கில் இருக்கிறது என்று ஆப் மறுத்துவிடும். பழைய ரவுட்டரை வாங்குகிறவர், காசு கொடுப்பதற்கு முன் விற்பவரின் போனிலேயே அதை நீக்கச் சொல்லிப் பார்த்து வாங்க வேண்டும்.